கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து: எங்கள் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சொட்டு விட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணு பளிச்சுன்னு வெள்ளையாயிடுது. அப்படி அதுல என்னதான் இருக்கு?

கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. தூசி, புகை, தூக்கமின்மை, ஒவ்வாமை என்று எது தொந்தரவு செய்தாலும் அவை விரிந்து ரத்தத்தை அதிகமாக வரவழைக்கும். அதைத்தான் நாம் சிவப்பாகப் பார்க்கிறோம். நீங்கள் விடும் மருந்து அந்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகிறது. குழாய் சுருங்கியதும் சிவப்பு மறைகிறது.

லேபிளில் நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின், ஆக்ஸிமெட்டசோலின், ஃபினைலெஃப்ரின் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது இந்த ரகம். சளி பிடித்தால் மூக்கில் விடும் சொட்டும் இதே குடும்பம்தான். நம் ஊரில் கிடைக்கும் பாட்டில்கள் சிலவற்றில் கற்பூரம், மென்தால் போன்றவையும் சேர்ந்திருக்கும். அந்த ஜில்லென்ற உணர்வை வைத்து "மருந்து நல்லா வேலை செய்யுது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குளிர்ச்சி வேறு, குணம் வேறு.

சிவப்பு எதனால் வந்தது என்பதை இந்த மருந்து தொடுவதே இல்லை. தெருவில் ஏன் கூட்டம் கூடியது என்று விசாரிக்காமல் தெருவிளக்கை அணைத்துவிட்டு வந்த மாதிரிதான். வேலை செய்வதும் சில மணி நேரம்தான். அதற்குப் பிறகு விளக்கு மறுபடி எரியும்.

முன்னெல்லாம் காலையில ஒரு சொட்டு போதும். இப்ப நாலு தடவை விட்டும் சாயங்காலம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆயிடுது. மருந்து டூப்ளிகேட்டா?

மருந்து அசல்தான். உங்கள் கண்தான் அதற்குப் பழகிவிட்டது.

இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, குழாயைச் சுருங்கச் சொல்லும் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குழாய்ச் சுவர் அதற்குக் காது கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் முதல் வாரத்தில் ஆறு மணி நேரம் நின்ற வெண்மை, பிறகு மூன்று மணி நேரம்தான் நிற்கிறது. இரண்டாவது, குழாய் சுருங்கியிருந்த நேரம் முழுக்க அந்த இடத்துக்கு ரத்தம் குறைவாகப் போயிருக்கிறது. மருந்தின் பிடி விட்டதும் குழாய் பழைய அளவுக்கு வந்து நிற்காமல் அதையும் தாண்டி விரிகிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சொட்டு விடுகிறீர்கள். இப்போது கண்ணைச் சிவக்க வைப்பது பழைய தூசி இல்லை, சிவப்பை மறைக்க விட்ட மருந்துதான்.

இதோடு பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருளும் ஒவ்வொரு சொட்டோடும் உள்ளே போகிறது. எப்போதாவது விட்டால் பாதகமில்லை. தினமும் பத்துச் சொட்டு என்று மாதக்கணக்கில் போனால் அதுவே கண்ணின் மேற்பரப்பை அரித்து, எரிச்சலையும் வறட்சியையும் கொண்டுவரும்.

மருந்தால் வந்த சிவப்புக்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிவந்திருக்கும். பீளை அதிகம் இருக்காது. காலையில் எழுந்ததும், அதாவது கடைசிச் சொட்டு விட்டு எட்டு மணி நேரம் ஆன பிறகு, சிவப்பு உச்சத்தில் இருக்கும். சொட்டு விட்டதும் தணிந்து, முன்பு இருந்ததைவிட மோசமாகத் திரும்பும்.

என் மாதிரி கடைக்காரனுக்கு இன்னும் எளிய ஒரு வழி இருக்கிறது. பாட்டில் கணக்கு. 10 மில்லி பாட்டிலில் சுமார் 250 சொட்டு இருக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பைக்கில் புதுச்சேரிக்குப் போய், ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என் கடையில் வாங்குவார். முதல் பாட்டிலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இரண்டு மாதம். அப்புறம் ஒரு மாதம். ஏழாவது மாதம் நோட்டைப் புரட்டியபோது, 12 நாளுக்கு ஒரு பாட்டில் என்று ஆகியிருந்தது. கணக்குப் போட்டால் நாளுக்கு 20 சொட்டு, கண்ணுக்குப் பத்து. "தம்பி, இதை நீ குடிக்கிறியா?" என்றே கேட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டில் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

எத்தனை நாள் வரைக்கும் விடலாம்?

அதிகபட்சம் மூன்று நாள், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கப்போகிறார்கள், நேற்று ராத்திரி தூங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. மூன்று நாளில் தணியாத சிவப்பை மறைக்கக் கூடாது, பார்க்க வேண்டும்.

பிரஷர், இதய நோய், தைராய்டு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விட வேண்டாம். சிலருக்குக் கண்ணுக்குள் நீர் வடியும் வழி குறுகலாக இருக்கும். அவர்களுக்குக் கண்ணின் நடுவிலுள்ள பாப்பா கொஞ்சம் விரிந்தாலே கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். இந்த மருந்துகளுக்குப் பாப்பாவை விரிக்கும் குணம் கொஞ்சம் உண்டு.

நிறுத்திப் பார்த்தேன் சார், ரெண்டாவது நாளே கண்ணாடியில என் மூஞ்சிய பார்க்க முடியல. எப்படித்தான் நிறுத்துறது?

அந்த விடுதித் தம்பியின் கதையையே சொல்கிறேன், அதில் எல்லாம் இருக்கிறது.

முதலில் கண் டாக்டரிடம் அனுப்பினேன். காரணம், ஏழு மாதமாகச் சிவப்பை மூடி வைத்திருக்கிறார். அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று நுண்ணோக்கி விளக்கில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அழுத்தம் அளந்தார்கள், கருவிழியில் சாயம் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை. மேற்பரப்பு வறண்டிருந்தது, அவ்வளவுதான். ஆக ஆரம்பத்தில் கண்ணைச் சிவக்க வைத்தது, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி தினமும் கிழக்குக் கடற்கரைப் பக்கம் காற்றில் ஓட்டியதும், பிறகு எட்டு மணி நேரம் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்ததும்தான்.

டாக்டர் பழைய சொட்டை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதில் பதப்படுத்தும் பொருள் சேராத செயற்கைக் கண்ணீர், நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை. காலையும் மாலையும் ஈரத்துணி ஒத்தடம். ஸ்டீராய்டு எதுவும் எழுதவில்லை. சிலருக்குச் சிவப்பு மிகக் கடுமையாக இருந்தால் டாக்டரே மென்மையான ஸ்டீராய்டைச் சில நாள் தருவது உண்டு. அது அவர் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு தருவது.

முதல் நாள் அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டாம், மூன்றாம் நாள்தான் நரகம். மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு "ராத்திரி தண்ணி போட்டியா?" என்று கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் வேலை செய்பவனிடம் இந்தக் கேள்வி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். டாக்டர் சீட்டைக் காட்டிவிட்டு, அந்த வாரம் உள்வேலைக்கு மாற்றிக்கொண்டார். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து பழைய பாட்டிலையே கேட்டார், நான் தரவில்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகிறார்கள். "மருந்து விட்டா நல்லா இருக்கு, விடாட்டி சிவக்குது, அப்ப எனக்கு மருந்து தேவைதானே" என்று தோன்றும். உண்மையில் அந்தச் சிவப்பு, மருந்து விலகுவதால் வருவது.

பத்தாம் நாள் வாக்கில் காலைச் சிவப்பு பாதியானது. நான்காவது வாரம் கடைக்கு வந்தபோது மூக்கோரத்தில் மெல்லிய கோடு போல நாலைந்து குழாய்கள் தெரிந்தன. அது எல்லோருக்கும் இருப்பதுதான். 1997-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 70 பேரைப் பார்த்து எழுதிய கண் மருத்துவர்களும் தெளிய சராசரியாக நான்கு வாரம் ஆனது என்றுதான் பதிவு செய்தார்கள். அவர்களில் சிலர் வருடக்கணக்கில் விட்டவர்கள். ஆகவே நான்கு வாரத்தை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு, முக்கியமான நிகழ்ச்சி எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

அப்ப எரிச்சலுக்கு என்னதான் விடறது?

எரிச்சல் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, மாலையில் அதிகமாகிறது, போன் பார்த்தால் கூடுகிறது என்றால் அது வறட்சி. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் செயற்கைக் கண்ணீர் போதும். நாளுக்கு நான்கு முறை வரை சாதாரண பாட்டிலே சரி. அதற்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேளுங்கள். இது ரத்தக்குழாயைச் சுருக்காது, அதனால் அஞ்சு நிமிஷத்தில் வெள்ளையாகாது. இதை வாங்கிப் போய் மறுநாளே "வேலை செய்யல" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் கொடுங்கள்.

அரிப்புதான் பிரதானம், கசக்கக் கசக்கச் சுகமாக இருக்கிறது, கூடவே தும்மல் என்றால் ஒவ்வாமை. அதற்கு ஓலோபடாடின் போன்ற சொட்டு உண்டு. 0.1 சதவீத மருந்தை வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை எழுதுவார்கள். அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினையே இது தடுப்பதால் சிவப்பு தானாகக் குறையும். டாக்டர் சீட்டோடு வாருங்கள்.

காலையில் இமையோரம் பொடுகு மாதிரி ஒட்டியிருக்கிறது என்றால் குற்றம் இமையில். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கண் மூடி ஐந்து பத்து நிமிடம் வைத்து, பிறகு இமையோரத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். அரிப்புக்குக் குளிர்ந்த துணி, இமைக்கு வெதுவெதுப்பான துணி. இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம்.

எதை விட்டாலும் ஒரு சொட்டு போதும். கீழ் இமைக்குள் ஒரு சொட்டே முழுதாகத் தங்காது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டையில் கசப்பு இறங்குவது நின்றுவிடும்.

போன வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு வீட்ல இருக்கு. அது இன்னும் சூப்பரா வெள்ளையாக்குது. அதையே குடுங்களேன்?

இதுவரை சொன்னதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால் என்று ஏதாவது ஒன்று, பல நேரம் ஒரு ஆன்டிபயாட்டிக்கோடு கலந்து. அது குழாயை இறுக்குவதில்லை, அழற்சியையே அமுக்குகிறது. அதனால் வெண்மை நின்று நிதானமாக வரும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலிக்காது, தெரியாது. ஓரப் பார்வை போன பிறகுதான் தெரியும். நாளாக ஆகப் புரையும் வரும்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். கரும்புச் சோகை கண்ணில் கீறிவிட்டால் அதன் வழியே பூஞ்சை உள்ளே போகலாம். இரண்டு நாளில் கண் சிவக்கும். அப்போது வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் சிவப்பும் வலியும் குறைந்த மாதிரி இருக்கும், அடியில் பூஞ்சை கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். நெல் தூற்றும்போது உமி பட்டாலும் இதே கதைதான். இலையோ வைக்கோலோ பட்டுக் கண் சிவந்தால் எந்தச் சொட்டும் விடாமல் நேரே கண் டாக்டர்.

எங்கப்பா தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போறவர். மூக்கோரம் சதை வளர்ந்து எப்பவும் சிவப்பா இருக்கு. தினமும் இந்தச் சொட்டுதான் விடறார்.

வெயில், உப்புக் காற்று, நீரிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் அடிப்பதால் வருவது அந்தச் சதை. சொட்டு அதைக் கரைக்காது. சதைக்குள் ஓடும் குழாய்களைக் கொஞ்ச நேரம் வெளுக்க வைக்கும், அவ்வளவுதான். அப்பாவுக்குச் செயற்கைக் கண்ணீரும், பக்கவாட்டையும் மூடும் குளிர்கண்ணாடியும், ஓரம் அகலமான தொப்பியும் வாங்கிக் கொடுங்கள். படகில் கண்ணாடி போட அவருக்குக் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். சதை கருவிழியின் நடுவை நோக்கி நகர்ந்தாலோ பார்வை மங்கினாலோ அறுவை சிகிச்சை பற்றி டாக்டர் சொல்வார்.

நந்தியாவட்டைப் பூ சாறு, தாய்ப்பால் விடலாமா? பாட்டி சொல்றாங்க.

வேண்டாம். பூவைக் கண் மேல் வைத்துக்கொள்வதோடு பாட்டி நிறுத்திக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கண்ணுக்குள் போவது கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கசக்கிப் பிழிந்த சாறும் பாலும் அப்படி இல்லை.

அண்ணன் அமெரிக்காவுலேர்ந்து ஒரு புது சொட்டு அனுப்பியிருக்கார். இதுல திரும்பச் சிவக்காதாமே?

பெட்டியில் பிரிமோனிடின் 0.025 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். 2017 டிசம்பரில் அங்கே சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்த மருந்து அது. ரத்தக்குழாயை வேறொரு வழியில் சுருக்குகிறது. அதனால் திரும்பச் சிவப்பது பழைய ரகங்களைவிடக் குறைவு என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. இதுவும் காரணத்தைத் தொடாமல் சிவப்பை மறைக்கிற மருந்துதான்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரிலும் பிரிமோனிடின் கிடைக்கிறது, ஆனால் 0.15, 0.2 சதவீதத்தில், கண் நீர் அழுத்த நோய்க்காக. அண்ணன் அனுப்பியதைவிட ஆறு, எட்டு மடங்கு செறிவு. பெயர் ஒன்றுதானே என்று தாத்தாவின் பாட்டிலை எடுத்து விடாதீர்கள்.

எப்ப உங்க கடைக்கு வராம டாக்டர்கிட்ட போகணும்?

வலி இருந்தால். பார்வை மங்கினால். வெளிச்சத்தைப் பார்க்க முடியாவிட்டால். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால். கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே. சிமெண்ட், சுண்ணாம்பு, ஆசிட் என்று எது தெறித்தாலும் முதலில் குழாயடியில் குறைந்தது கால் மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள், அதற்குப் பிறகுதான் வண்டி. சிப்காட்டில் வேலை செய்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, தவளக்குப்பம் அரவிந்த், ஜிப்மர் கண் பிரிவு என்று பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன.

வலியே இல்லாமல், ஒரு மூலையில் மட்டும் ரத்தம் கொட்டிய மாதிரி திட்டாகச் சிவப்பு வந்திருந்தால் பயப்பட வேண்டாம். இருமல், தும்மல், முக்கல் எதிலாவது ஒரு சின்னக் குழாய் உடைந்திருக்கும். எந்தச் சொட்டாலும் அது வெளுக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மஞ்சளாகி மறையும். அடிக்கடி வந்தால் பிரஷர் பாருங்கள்.

சின்னவன் பாட்டிலை வாயில வச்சு உறிஞ்சிட்டான். கண்ணுல விடற மருந்துதானே, ஒண்ணும் ஆகாதில்ல?

ஆகும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 1 முதல் 2 மில்லி விழுங்கினாலே சிறு குழந்தைக்கு ஆபத்தாகலாம். பெரியவர்களின் ரத்தக்குழாயைச் சுருக்கும் இதே மருந்து குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மூளையில் வேலை செய்து, மயக்கம், மூச்சு மெதுவாவது, இதயத்துடிப்பு குறைவது, உடல் சில்லிடுவது என்று கொண்டுபோகும். அமெரிக்காவில் இந்தக் குடும்பத்துச் சொட்டுகளை விழுங்கிய ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 96 பேரைப் பற்றி, 2012-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தூங்கத்தானே செய்கிறான் என்று படுக்க வைத்துவிடாதீர்கள், அந்தத் தூக்கம்தான் முதல் அறிகுறி. பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது பெயரும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும்தான்.